எடையில் வாங்கி அளவில் விற்பது: தியேட்டர் பாப்கார்ன் டப் ஒன்றின் கணக்கு

பாப்கார்ன் வியாபாரி சோளத்தைக் கிலோவில் வாங்குகிறார், லிட்டரில் விற்கிறார். அவருடைய லாபத்தின் பாதிக் கதை இந்த இரண்டு அளவைகளுக்கும் நடுவில் இருக்கிறது. மீதிக் கதை சோளத்துக்கு வெளியே இருக்கிறது. இடைவேளையில் வரிசையில் நிற்பவர்கள் "பத்து ரூபாய் சோளத்தை நூற்றைம்பதுக்கு விற்கிறான்" என்று முணுமுணுப்பது வழக்கம். அந்தப் பத்து ரூபாய் என்பது கிட்டத்தட்ட சரியான மதிப்பீடுதான். ஆனால் அப்படியானால் மீதி 140 ரூபாயும் லாபம் என்று அவர்கள் முடிவுகட்டுவது சரியல்ல. டப்பில் போகும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பார்த்தால் எங்கே பணம் போகிறது, எங்கே போகவில்லை என்பது தெளிவாகும்.

கணக்குக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் இரண்டு திரைகள் கொண்ட தியேட்டர். அதன் கேன்டீனை ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். கவுன்டரில் இருப்பது 8 அவுன்ஸ் கெட்டில் உள்ள இயந்திரம். அதாவது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 225 கிராம் சோளம் போடலாம். விற்பனையில் முக்கியமானது பெரிய டப். விளிம்பு மட்டத்துக்கு இரண்டரை லிட்டர் பிடிக்கும், கோபுரமாகக் குவித்தால் 2.75 லிட்டர். வரி உட்பட அதன் விலை 150 ரூபாய். பொருட்களின் விலைகளை நான் கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன்: சோளம் கிலோ 120 ரூபாய், எண்ணெய் கிலோ 180, நெய்மணம் கலந்த பொடி உப்பு கிலோ 200, அச்சடித்த காகித டப் ஒன்று 12. இவை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். படிப்பவர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்தால் எண்கள் நகருமே தவிர, அவற்றுக்கு இடையிலான உறவு பெரிதாக மாறாது.

முதலில் சோளம். பொரிக்கிற சோளம் மாட்டுத் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் அல்ல. அது கெட்டியான, நீர் கசியாத தோலுடைய தனி வகை. மணிக்குள் 13.5 முதல் 14 சதவீதம் வரை ஈரம் இருக்கவேண்டும். சூடு ஏறும்போது அந்த ஈரம் நீராவியாகிறது. தோல் அதை வெளியே விடாமல் அடக்கிவைக்கிறது. ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸை எட்டும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல ஒன்பது மடங்காகி, தோல் வெடித்து, குழைந்திருந்த மாவுச்சத்து நுரைபோலப் பொங்கி உறைகிறது. இந்தப் பொங்கலைத்தான் வியாபாரி விற்கிறார். ஒரு கிராம் சோளம் எத்தனை கன சென்டிமீட்டர் பொரியாகிறது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை எண். நல்ல தியேட்டர் ரகம் சோதனையில் 40-க்கு மேல் காட்டும். கவுன்டரில் அவசரமாகப் பொரிக்கையில் அது கொஞ்சம் குறையும். 38 என்று வைத்துக்கொள்வோம்.

225 கிராமை 38-ஆல் பெருக்கினால் எட்டரை லிட்டர் சொச்சம். எட்டரை என்றே கொள்வோம். இதற்குச் செலவு: சோளம் 27 ரூபாய். எண்ணெய் சோளத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 75 கிராம், 13 ரூபாய் 50 காசு. உப்பு ஆறு கிராம், 1 ரூபாய் 20 காசு. மொத்தம் 41 ரூபாய் 70 காசு. லிட்டருக்கு 4 ரூபாய் 90 காசு ஆகிறது. குவித்து நிரப்பிய பெரிய டப்பில் சோளம் 8 ரூபாய் 75 காசுக்கும், எண்ணெய் 4 ரூபாய் 35 காசுக்கும், உப்பு 40 காசுக்கும் இருக்கின்றன. ஆக, வாயில் போடுகிற பொருளின் அடக்கம் 13 ரூபாய் 50 காசு. முணுமுணுத்தவரின் மதிப்பீடு மூன்றரை ரூபாய்தான் பிசகியிருக்கிறது.

இவ்வளவு மலிவான பொருளில் மேலும் மிச்சம் பிடிக்கவேண்டுமா என்று கேட்கலாம். குத்தகைக்காரர்களுக்கு அந்த ஆசை வருகிறது. கிலோ 90 ரூபாய்க்கு இன்னொரு சோளம் கிடைக்கிறது, ஆனால் கிராமுக்கு 30 கன சென்டிமீட்டர்தான் பொரிகிறது என்று வையுங்கள். சோளத்தை மட்டும் பார்த்தால் மலிவானதுதான் லாபம்: லிட்டருக்கு 3 ரூபாய், நல்லதற்கு 3 ரூபாய் 15 காசுக்கு மேல். ஆனால் கெட்டிலில் ஊற்றும் எண்ணெய் சோளத்தின் எடையைப் பார்த்துத்தான் ஊற்றப்படுகிறது, வரப்போகும் பொரியின் அளவைப் பார்த்து அல்ல. மட்டமான சோளத்திலும் 225 கிராமுக்கு அதே 75 கிராம் எண்ணெய், அதே உப்பு. ஒரு தடவைக்குச் செலவு 34 ரூபாய் 95 காசு, கிடைப்பது 6.75 லிட்டர், லிட்டருக்கு 5 ரூபாய் 18 காசு. கிலோவுக்கு 30 ரூபாய் குறைத்து வாங்கியவர் டப்புக்கு முக்கால் ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறார். நூறு டப்புக்கான பொரியை 33 தடவையில் பொரிப்பதற்குப் பதில் 41 தடவை கெட்டிலைக் கவிழ்க்கிறார். பொரியும் சின்னதாக, கடினமாக இருக்கும். பல்லிடுக்கில் சிக்கும் பொரியாத மணிகளும் கூடுதலாக இருக்கும்.

நல்ல சோளத்தையே மட்டமாக்கும் வழியும் உண்டு. 20 கிலோ மூட்டையைப் பிரித்து, வாயைக் கட்டாமல், இயந்திரத்துக்குப் பக்கத்தில் சூட்டில் வைத்துவிட்டால் போதும். ஈரம் இரண்டு மூன்று சதவீதம் இறங்கினாலே பொரியும் அளவு கண்ணுக்குத் தெரியும்படி விழுகிறது. இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். நல்ல சோளம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படபடவென்று வெடித்து ஓயும். காய்ந்த சோளம் முன்னும் பின்னுமாக, சத்தம் குறைந்து, இழுத்துக்கொண்டு வெடிக்கும். காதை நம்பாதவர்கள் அளந்தும் பார்க்கலாம்: புது மூட்டை பிரித்த அன்று ஒரு கெட்டில் பொரியை லிட்டர் கோடு போட்ட வாளியில் கொட்டிக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை அதே வாளியில் ஒப்பிடுவது. பொரியாத மணிகளையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். 225 கிராமில் ஏழெட்டு கிராம் என்றால் கவலையில்லை. இருபதைத் தாண்டினால் சோளத்தில் ஈரம் போயிருக்கிறது, அல்லது கெட்டில் சூடாகும் முன்பே கொட்டியிருக்கிறார்கள். காய்ந்ததை ஓரளவு மீட்கவும் முடியும். ஒரு கிலோ சோளத்துக்கு ஒரு சதவீத ஈரம் ஏற்ற 12 மில்லி தண்ணீர் போதும். மூடிய டப்பாவில் போட்டுக் குலுக்கி இரண்டு மூன்று நாள் விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு அன்றே பொரித்தால் தோல்தான் ஈரமாகியிருக்கும், உள்ளே ஏறியிருக்காது. அதனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பிடிப்பதும் இதே வகைப் பொய்க் கணக்குதான். எண்ணெய் சுவைக்காக மட்டும் ஊற்றப்படுவதில்லை. கெட்டிலின் சூட்டை ஒவ்வொரு மணிக்கும் எல்லாப் பக்கமும் சமமாகக் கொண்டுபோவது அதுதான். மூன்றில் ஒரு பங்கை நாலில் ஒரு பங்காக, ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அடிப்பக்கம் கருகி, மேல்பக்கம் பொரியாமல் நிற்கும். லாபம் காசுகளில், நஷ்டம் லிட்டர்களில். எந்த எண்ணெய் என்பது வேறு விஷயம். அமெரிக்கத் தியேட்டர்களின் அடையாள வாசனை தேங்காய் எண்ணெயால் வந்தது. 1994-ல் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு அதன் நிறைகொழுப்பைச் சுட்டிக்காட்டிப் பெரும் பரபரப்பை உண்டாக்கிய பிறகு பல தியேட்டர்கள் வேறு எண்ணெய்களுக்கு மாறின. நம் ஊரில் தேங்காய் எண்ணெயா பாமாயிலா என்பதைப் பெரும்பாலும் விலையே முடிவு செய்கிறது. 2025-ல் தேங்காய் எண்ணெய் கடுமையாக விலை ஏறிய காலத்தை நினைத்துக்கொள்வோம். நம் கணக்கில் எண்ணெய் 180-லிருந்து 400 ரூபாய்க்குப் போனால் டப்பின் அடக்கம் 5 ரூபாய் 35 காசு ஏறும். சமையலறையில் தலைகீழ் மாற்றத்தை உண்டாக்கும் விலையேற்றம், 150 ரூபாய் டப்பில் மூன்றரை சதவீதம்தான்.

உப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது மாவுபோல நைஸாக இருக்கவேண்டும். கல்லுப்போ சாதாரணத் தூள் உப்போ போட்டால் பொரியில் ஒட்டாமல் தட்டின் துளைகள் வழியே கீழே இறங்கிவிடும். வாடிக்கையாளர் "உப்பே இல்லை" என்பார், பையன் மேலும் ஒரு கை போடுவான், டப்பின் அடியில் உப்பு மண்டியிருக்கும். 40 காசுப் பொருள்தான், ஆனால் புகார்களில் பாதி அதைப் பற்றியே வரும்.

அடுத்தது டப். 12 ரூபாய். அதாவது அதற்குள் இருக்கும் சோளத்தைவிட மூன்றேகால் ரூபாய் அதிகம், எண்ணெய் உப்பு எல்லாம் சேர்த்தால்கூட ஒன்றரை ரூபாய்தான் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும்: சாப்பிடுகிற பொருளும் குப்பைக்குப் போகிற பொருளும் ஏறத்தாழ ஒரே விலை. டப்பில் மலிவு பார்ப்பதும் எளிதல்ல. அட்டை மெலிதாக இருந்தால் சூடான பொரியின் எண்ணெய் அரைமணியில் வெளிப்பக்கம் கறையாகத் தெரியும், மடியில் வைத்துப் படம் பார்ப்பவரின் வேட்டியும் கறையாகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் சேர்ந்திருப்பதால், பூச்சுக்குப் பதில் எண்ணெய் ஊறாத காகிதத்தைத் தேடவேண்டியிருக்கிறது. அதற்கு விலை கூடுதல். நடிகர் படம் அச்சடித்த டப் இன்னும் கூடுதல். படம் ஓடாமல் போனால் அந்த அச்சு டப்கள் கிடங்கில் தூங்கும்.

ஆக, பொரி 13.50, டப் 12, மின்சாரத்துக்கு ஒரு ரூபாய் என்று சேர்த்தால் 26 ரூபாய் 50 காசு. விற்பனை விலை 150-இல் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. அதைக் கழித்தால் வியாபாரியின் கைக்கு வருவது 142 ரூபாய் 86 காசு. இந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை. தியேட்டர் கேன்டீனில் டிக்கெட்டோடு சேர்க்காமல் தனியாக விற்கும் தின்பண்டத்துக்கு உணவகங்களைப்போல ஐந்து சதவீதம்தான் என்று 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்தியது. வரி குறைவு என்று மகிழ்வதற்குள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த ஐந்து சதவீதத்தில் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. சோளம், எண்ணெய், டப் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது, அது அடக்கவிலையோடு ஒட்டிக்கொள்ளும். நான் மேலே வைத்துக்கொண்ட விலைகள் எல்லாம் வரி சேர்ந்தவைதான்.

இனி சேதாரம். பலரும் இங்கேதான் முதலில் பதறுவார்கள். தரையில் சிந்திக் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிறதே. ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். அன்று 40 தடவை பொரித்தார்கள், 340 லிட்டர். விற்றது 100 பெரிய டப், 275 லிட்டர். காணாமல் போனது 65 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பொரியாத மணிகளை இதில் சேர்க்கக்கூடாது. கிராமுக்கு 38 என்ற எண்ணில் அவற்றின் இழப்பு ஏற்கெனவே அடங்கிவிட்டது. மறுபடி சேர்த்தால் ஒரே நஷ்டத்தை இரண்டு முறை எழுதியவராவோம். இந்த 65 லிட்டரில் கடைசி ஆட்டம் முடிந்தபோது பெட்டியில் மிஞ்சியது 25 லிட்டர். கோபுரத்துக்கு மேல் கோபுரமாக நிரப்பியதில் 15. உடைந்து தூளாகி சல்லடைத் தட்டில் விழுந்தது 12. வேலையாட்கள் கொறித்தது, நண்பர்களுக்குக் கொடுத்தது 8. கைதவறிக் கொட்டி மறுபடி நிரப்பிக் கொடுத்தது 5.

லிட்டருக்கு 4 ரூபாய் 90 காசு என்று போட்டால் இந்த மொத்தச் சேதாரமும் அன்றைக்கு 318 ரூபாய் 50 காசு. விற்ற டப் ஒன்றுக்கு 3 ரூபாய் 20 காசு. பொரியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகியும் விலையில் கரைந்தது இரண்டு சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. கை தவறிக் கொட்டிய குழந்தைக்குச் சிரித்துக்கொண்டே இன்னொரு டப் நிரப்பிக் கொடுக்கும் முதலாளி தாராளமானவர் மட்டுமல்ல, கணக்குத் தெரிந்தவரும்கூட. அவரும் பொரியைத்தான் இலவசமாகத் தரவேண்டும், முடிந்தால் பழைய டப்பிலேயே.

மிஞ்சிய 25 லிட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். ஏனென்றால் அதைக் குறைக்க முயல்வதுதான் பெரும்பாலும் நஷ்டத்தில் முடிகிறது. தியேட்டர் வியாபாரம் நாள் முழுக்க நடப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் கொஞ்சம், இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் மிச்சம். ஒரு தடவை பொரித்துக் கொட்ட நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும் இயந்திரத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் மிஞ்சிப் போனால் நாலு தடவை, 34 லிட்டர், 12 டப். நிறைந்த ஆட்டத்தில் நாற்பது பேர் பெரிய டப் கேட்டால் மீதி 28 டப்புக்கான 77 லிட்டர் இடைவேளை மணி அடிக்கும் முன்பே சூடுபெட்டியில் இருக்கவேண்டும். எத்தனை பேர் கேட்பார்கள் என்பது கதவு திறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஒரு டப்பளவு பொரி மிஞ்சினால் நஷ்டம் 13 ரூபாய் 50 காசு. பொரி தீர்ந்து ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால் நஷ்டம் 142.86-இல் பொரியும் டப்பும் போக மீதமுள்ள 117 ரூபாய். இந்த இரண்டு எண்களும் சமமாக இருந்தால் சராசரி ஆட்டத்துக்குத் தேவையான அளவு பொரித்து வைப்பது சரி. ஆனால் ஒன்று மற்றொன்றைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அப்படியிருக்கும்போது பத்து ஆட்டத்தில் ஒன்பதில் பற்றாக்குறை வராத அளவுக்குப் பொரித்துவைப்பதே கணக்குப்படி சரி. செய்தித்தாள் முகவர் எத்தனை பிரதி எடுக்கவேண்டும் என்பதற்கு மேலாண்மைப் பாடத்தில் போடும் அதே கணக்குதான் இது. திரும்பிப் போனவர்களில் பாதிப்பேர் பப்ஸோ சமோசாவோ வாங்கி அதே லாபத்தைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் விடை பத்தில் எட்டு ஆட்டம் என்பதற்குக் கீழே வராது. ராத்திரி மிஞ்சவே இல்லை என்று பெருமைப்படும் கேன்டீன், இடைவேளையில் யாரையோ திருப்பி அனுப்பியிருக்கிறது.

இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, பொரி நமத்துப்போகும். பொரிந்தவுடன் அதில் ஈரம் ஒன்றிரண்டு சதவீதம்தான். காற்றிலிருந்து ஈரம் இழுத்து நாலு சதவீதத்தை நெருங்கினாலே மொறுமொறுப்பு போய் ரப்பர்போல இழுக்கும். கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது வேகமாக நடக்கும். சூடுபெட்டி உலர்ந்த வெப்பத்தில் இருந்தால் ஒரு ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டம்வரை தாங்கும், மறுநாள்வரை தாங்காது. நேற்றைய பொரியை இன்று புதியதோடு கலப்பவர் 13 ரூபாய் 50 காசைக் காப்பாற்ற அடுத்த வாரத்து வாடிக்கையாளரைப் பணயம் வைக்கிறார். இரண்டாவது, பொரியைப் பெட்டியில் வைக்கவேண்டும், டப்பில் அல்ல. அவசரத்துக்காக முன்கூட்டியே இருபது டப்பை நிரப்பி அடுக்கினால், மிஞ்சிய ஒவ்வொன்றிலும் 12 ரூபாய் அட்டையும் கறைபட்டு வீணாகும். நஷ்டம் இரு மடங்கை நெருங்கும்.

சேதாரமும் சேர்ந்தபின் டப்பின் செலவு 29 ரூபாய் 70 காசு. மிச்சம் 113 ரூபாய். இங்கேயே நிறுத்தினால் முணுமுணுத்தவர் வென்றுவிடுவார். ஆனால் இது லாபம் அல்ல. வாடகையையும் கூலியையும் அடைப்பதற்கு டப் ஒன்று தரும் பங்கு.

அங்கே போகும் முன் அளவுகளைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு லிட்டர் சின்ன டப் 80 ரூபாய்க்கு விற்கிறது என்போம். குவித்து நிரப்பிய பொரி 5 ரூபாய் 40 காசு, டப் 6 ரூபாய். வரி போக 76 ரூபாயில் ஏறக்குறைய 65 மிஞ்சும். எழுபது ரூபாய் சேர்த்துப் பெரியது வாங்குங்கள் என்று சொல்லி ஒருவரை மாற்றினால் கூடுதலாக 52 ரூபாய் கிடைக்கிறது. அதனால் கவுன்டர் பையனுக்கு எப்போதும் பெரியதையே தள்ளச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டு சின்னது கேட்க வந்து, பையன் பேச்சில் ஒரு பெரியதாக மாற்றிக்கொண்டு போனால், 130 ரூபாய் பங்கு 117 ஆகிறது. தனியாளுக்குப் பெரியது, குடும்பத்துக்கு எண்ணிக்கை என்று பையனுக்குச் சொல்லவேண்டும்.

குத்தகைக்கு வருவோம். கேன்டீன் வாடகை மாதம் இரண்டு லட்சம், மூன்று பேர் சம்பளம் 54 ஆயிரம் என்று வைத்துக்கொண்டு, காபி, குளிர்பானம், சமோசா எல்லாம் சேர்ந்து ஒரு பாதியைச் சுமக்கின்றன, மறுபாதியைப் பாப்கார்ன் சுமக்கிறது என்று பிரிப்போம். பாப்கார்னின் தலையில் மாதம் 1,27,000 ரூபாய். மாதம் 3,000 டப் விற்றால் டப்புக்கு 42 ரூபாய் விழும், லாபம் 71. நல்ல படம் இல்லாமல் 1,000 டப்தான் விற்றது என்றால் டப்புக்கு 127 ரூபாய் விழும். ஒவ்வொரு டப்பிலும் 14 ரூபாய் நஷ்டம். அதே சோளம், அதே எண்ணெய், அதே டப், அதே 150 ரூபாய். ஏறக்குறைய 1,122 டப்பில் வரவும் செலவும் நேராகின்றன. ஒரு நாளைக்கு 37 அல்லது 38 டப். இந்த எண்ணைச் சோளத்தின் விலை கொஞ்சம்தான் அசைக்கும். சோளம் இலவசமாகவே கிடைத்தாலும் அது ஏறத்தாழ 1,020-க்குத்தான் இறங்கும். பெரிய ஹீரோ படம் எந்த வெள்ளிக்கிழமை வருகிறது என்பது அதைவிடப் பலமடங்கு அசைக்கும்.

வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்டால் டிக்கெட் பக்கம் திரும்பவேண்டும். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு. 2017 அக்டோபர் ஆணைப்படி மல்டிபிளெக்ஸுக்கே வரி நீங்கலாக அதிகபட்சம் 150 ரூபாய். அதிலும் பெரும்பங்கை, முக்கியமாக முதல் வாரத்தில், விநியோகஸ்தருக்குக் கொடுத்தாகவேண்டும். பாப்கார்னுக்கு உச்சவரம்பு இல்லை, பங்குதாரரும் இல்லை. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவருவதைத் தியேட்டர் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்தக் கதவைப் பலமாக்கியது. இலவசக் குடிநீர் தரவேண்டும் என்பது அதில் உள்ள நிபந்தனை. ரிக்கார்ட் கில், வெஸ்லி ஹார்ட்மன் என்ற இரு பொருளியலாளர்கள் ஸ்பெயின் தியேட்டர்களின் விற்பனைக் கணக்கை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட கட்டுரை, படத்துக்கு அதிக விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்களே தின்பண்டமும் அதிகம் வாங்குகிறார்கள் என்று காட்டியது. டிக்கெட்டில் கேட்கமுடியாததை அவர்களிடம் கவுன்டரில் கேட்கலாம். தியேட்டர்காரர் இதை ஆய்வு இல்லாமலே அறிந்தவர். அந்தப் பணத்தைத்தான் குத்தகையாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்.

ஆகவே குத்தகைக்காரர் பேரம் பேசவேண்டிய இடம் சோள மண்டி அல்ல. நிலையான வாடகைக்குப் பதில் வரி நீங்கிய விற்பனையில் 30 சதவீதம் என்று பேசினால் டப்புக்கு 42 ரூபாய் 86 காசு தியேட்டருக்குப் போகும். 2,333 டப் வரை குத்தகைக்காரருக்கு இது மலிவு, அதற்கு மேல் நிலையான வாடகையே மலிவு. வரவு செலவு நேராகும் எண் 1,122-லிருந்து 400-க்கும் கீழே இறங்கிவிடும். 3,000 டப் விற்கும் மாதத்தில் மட்டும் லாபம் டப்புக்கு ஒன்பது பத்து ரூபாய் குறையும். வருஷத்தில் எத்தனை மாதம் எந்தப் பக்கம் விழும் என்பதைப் போன வருஷக் கணக்குப் புத்தகம் சொல்லும். தியேட்டர்காரர் காட்டினால்.

சதவீதத்துக்கு ஒப்புக்கொண்ட தியேட்டர்காரருக்கு உடனே ஒரு கவலை பிறக்கும்: எத்தனை விற்றது என்று யார் சொல்வது? பொரியை எண்ணமுடியாது, சோளத்தை நிறுத்துப் பிடிக்கவும் முடியாது. ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் இருக்கும் தொழிலில் இருபது டப்பை அதற்குள் ஒளித்துவிடலாம். எண்ணக்கூடியது டப் ஒன்றுதான். அதனால் காலையில் இருந்த டப், ராத்திரி இருக்கும் டப் என்று எண்ணி வித்தியாசத்தை விற்பனையாக எழுதுகிறார்கள். இன்னும் விவரமானவர்கள் தியேட்டர் பேர் அச்சடித்த டப்பைத் தாங்களே வாங்கி, குத்தகைக்காரருக்கு எண்ணிக் கொடுக்கிறார்கள். இதிலும் ஓட்டை உண்டு. ஆட்டம் முடிந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து பொறுக்கிய, கறைபடாத டப்பைத் துடைத்து மறுபடி நிரப்பினால் எண்ணிக்கை பிசகாது, 143 ரூபாய் யார் கணக்கிலும் ஏறாது. உலகெங்கும் தியேட்டர் கேன்டீன்களில் பழகிப்போன தந்திரம் இது, சுகாதாரக் கேடும்கூட. அதனால்தான் சில இடங்களில் பெருக்க வரும் பெண்களிடம், டப் கண்ணில் பட்டவுடன் காலால் மிதித்து நசுக்கிவிட்டுத்தான் கூடையில் போடவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.